சீட்டு சொல்வதில்லை, கேட்கிறது

லிங்கி தோட்டத்தில் இரு தோழியர். "டாரட்டும் கிளி ஜோசியமும் ஒன்றுதானேடி?" என்றாள் ஒருத்தி. "15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இது வெறும் சீட்டாட்டம். 78 சீட்டுக்கும் நாளை நடப்பது தெரியாது" என்றாள் மற்றவள்.

சிரம்பான் வேலைக்குப் போவதா எனத் தவித்த தோழியை ஒரு சீட்டு எடுக்கச் சொன்னாள். வந்தது துறவி: விளக்கேந்தித் தனியே நிற்கும் கிழவர்.

"உனக்கு என்ன தெரிகிறது?"

"தனிமை. அம்மா தனியாகிவிடுவார்."

அதுவரை சம்பளம் போதாது என்றே சொல்லி வந்தவள் அவள்! வேறொருத்தி அதே படத்தில் வழிகாட்டியைக் கண்டிருப்பாள். ஆக, பதில் சீட்டில் இல்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது. "நீ போவாய்" என்று சீட்டு விரிப்பவர் சொன்னால், அந்த இடத்தில் ஜோசியம் தொடங்கிவிடுகிறது.