எட்டு ஆம்பியர்னு சொன்ன முள்: ஒரு மீட்டரை மாத்தின கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு டிராக்டர் பேட்டரியில ஆரம்பிக்குது.

திருமங்கலத்துல என் மாமா பேட்டரி சார்ஜ் பண்ற கடை வச்சிருக்கார். ராத்திரி கொண்டு வந்து போட்டா காலையில எடுத்துட்டுப் போகலாம். போன வருஷம் அவரோட சார்ஜர்ல இருந்த ஆம்ப் மீட்டர் செத்துப்போச்சு. "மாப்ள, நீ இன்ஜினியருதானே, இதைப் பாத்து ஒண்ணு மாட்டிக் குடு"ன்னார். நான் படிச்சது இன்ஜினியரிங், பாக்குறது சாஃப்ட்வேர் வேலை. ஆனா மாமாகிட்ட அந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

சரின்னு மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் போனேன். ஒரு கடையில பழைய முள் மீட்டர் ஒண்ணு கிடைச்சது. டயல்ல 0-லிருந்து 1 வரைக்கும் கோடு, கீழே mA-ன்னு எழுத்து. அதாவது ஒரு மில்லி ஆம்பியர் போனா முள் கடைசிக் கோட்டுக்கு வந்துடும். மாமாவுக்கு வேண்டியது 10 ஆம்பியர். பத்தாயிரம் மடங்கு!

இதுக்குத்தான் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்ல கால்வனோமீட்டரை அம்மீட்டரா, வோல்ட்மீட்டரா மாத்துறதுன்னு ஒரு பாடம் வரும். நாம சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிட்டோம். அந்தச் சூத்திரம் எங்கே நிக்குது, எங்கே ஏமாத்துதுன்னு எனக்குக் காட்டினது இந்த மீட்டர்தான்.

முதல்ல மீட்டரைத் தெரிஞ்சுக்கணும்

உள்ளே என்ன இருக்குன்னா, ஒரு காந்தத்துக்கு நடுவுல மெல்லிய செம்புக் கம்பியில சுத்தின ஒரு சுருள். மின்சாரம் போனா சுருள் திரும்பும், ரெண்டு சின்ன சுருள்வில் அதைத் திருப்பி இழுக்கும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு திருப்பம். இந்த மீட்டரைப் பத்தி நமக்கு ரெண்டே எண் தெரிஞ்சா போதும். முழு அளவுக்கு எவ்வளவு மின்சாரம், சுருளோட மின்தடை எவ்வளவு. முதல் எண் டயல்லயே இருக்கு. ரெண்டாவதை நாமதான் கண்டுபிடிக்கணும்.

மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சுல வச்சு நேரா அளந்துடலாமேன்னு தோணும். வேண்டாம். அந்த ரேஞ்சுல மல்டிமீட்டர் அனுப்புற மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியரைத் தாண்டிடலாம், முள் போய் ஓரத்துல அடிக்கும்.

பதிலா பாதி விலக்க முறை. 9 வோல்ட் பேட்டரி, ஒரு 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், கூடவே 2.2 கிலோ ஓம் பாட், அப்புறம் மீட்டர், எல்லாம் வரிசையா. பாட்டைத் திருகி முள்ளைச் சரியா 1-ல நிறுத்தினேன். இப்போ மீட்டருக்கு இணையா ஒரு 100 ஓம் ப்ரீசெட்டை மாட்டி, முள் 0.5-க்கு இறங்குற வரைக்கும் திருகினேன். மின்சாரம் ரெண்டு வழியிலயும் ஏறக்குறைய சரிபாதியா பிரியுதுன்னா, ரெண்டு பக்கமும் தடை ஏறக்குறைய ஒண்ணுதானே? ப்ரீசெட்டைக் கழட்டி அளந்தேன். 59.6 ஓம்.

"ஏறக்குறைய"ன்னு ஏன் சொல்றேன்னா, ப்ரீசெட்டை இணைச்சதும் மொத்தத் தடை கொஞ்சம் குறையுது, மொத்த மின்சாரம் கொஞ்சம் ஏறுது. அதைச் சரிகட்டத்தான் பாடத்துல G = RS/(R − S)-ன்னு இருக்கு. R-ங்கிறது வரிசையில இருந்த தடை, எனக்கு அது 8940 ஓம். போட்டுப் பாத்தா G சரியா 60 ஓம். இதையே 1.5 வோல்ட் செல்லை வச்சுப் பண்ணியிருந்தா ப்ரீசெட் 57.6-ல நின்னிருக்கும். வோல்டேஜ் கூடக் கூட பிழை குறையும்.

வோல்ட்மீட்டர்: சுலபமான பாதி

சார்ஜர்ல வோல்டேஜும் தெரிஞ்சா நல்லா இருக்குமேன்னு அதே மாதிரி இன்னொரு மீட்டரும் வாங்கியிருந்தேன். அதை 15 வோல்ட்டுக்கு மாத்தினேன். 15 வோல்ட் வரும்போது ஒரு மில்லி ஆம்பியர் போகணும்னா மொத்தத் தடை 15,000 ஓம் இருக்கணும். மீட்டர்லயே 60 இருக்கு. மீதி 14,940-ஐ வரிசையில சேர்க்கணும். கடையில 14,940 கிடைக்காது, 15 கிலோ ஓம் ஒரு சதவீத ரெசிஸ்டர் கிடைக்கும். அதையே போட்டா பிழை அரை சதவீதத்துக்கும் கம்மி. ரெசிஸ்டரோட சொந்தப் பிழையே அதைவிடப் பெருசு. முடிஞ்சது. 0.8-ல முள் நின்னா 12 வோல்ட்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பேட்டரிக்கு ஒரு மில்லி ஆம்பியர் தூசு. ஆனா சர்க்யூட் போர்டுல இந்த வோல்ட்மீட்டரை வைக்காதீங்க. ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வரிசையா 12 வோல்ட்ல இருந்தா நடுவுல 6 வோல்ட் இருக்கணும். இந்த மீட்டரை வச்சா 4.5 காட்டும். மீட்டர் பொய் சொல்லல. வச்ச நேரத்துல அங்கே உண்மையாவே 4.5-தான் இருக்கு. மீட்டர் குடிக்கிற மின்சாரத்தால வோல்டேஜ் இறங்கிடுச்சு.

அம்மீட்டர்: நான் சறுக்கின இடம்

இப்போ 10 ஆம்பியர். சுருள் வழியா ஒரு மில்லி ஆம்பியர் மட்டும் போகணும், மீதி 9.999 ஆம்பியர் பக்கத்துல ஒரு குறுக்கு வழியில போகணும். அந்தக் குறுக்கு வழிதான் ஷன்ட். கடையில ஷன்ட் கேட்டா "எத்தனை ஆம்பியர், 75 மில்லி வோல்ட்டா?"ன்னு கேப்பாங்க. 10 ஆம்பியர் போனா அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல 75 மில்லி வோல்ட் வரும்னு அர்த்தம். கணக்குப் போட்டா அதோட தடை 7.5 மில்லி ஓம். என் மீட்டருக்கு 60 மில்லி வோல்ட்லயே முள் கடைசிக்குப் போயிடும். அதனால மீட்டரோட வரிசையில ஒரு 15 ஓம் சேர்த்து மொத்தம் 75 ஆக்கினேன். டயல்ல இருக்கிறதைப் பத்தால பெருக்கினா ஆம்பியர். அழகா அமைஞ்சுது.

மாட்டிக் குடுத்துட்டு மதுரைக்கு வந்துட்டேன். பத்து நாள்ல மாமா போன். "மாப்ள, உன் மீட்டர் எட்டு காட்டுது. ஆனா பேட்டரி ஏற மாட்டேங்குது. காலையில எடுத்துட்டுப் போனவரு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு திரும்பக் கொண்டாந்துட்டாரு. உழவு நாள் போச்சுன்னு சத்தம் போடுறாரு."

அது 80 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பத்துல ஒரு பங்கு, அதாவது 8 ஆம்பியர்ல வைக்கிறது மாமா வழக்கம். நாப்பைத் திருகி முள்ளை 8-ல நிறுத்திட்டுத் தூங்கிடுவார். பத்து மணி நேரம் கழிச்சும் ஹைட்ரோமீட்டர் 1200-லயே நிக்குது, 1250-க்கு வரல.

ஞாயித்துக்கிழமை போனேன். சார்ஜர் ஓடும்போதே மல்டிமீட்டரை மில்லி வோல்ட்ல வச்சு, முதல்ல மீட்டருக்குப் போற ரெண்டு ஒயர் முனையிலயும் பாத்தேன். 60 மில்லி வோல்ட். 8 ஆம்பியருக்கு அது சரிதான். அடுத்து ஷன்ட் உடம்புல, ரெண்டு சின்ன ஸ்க்ரூ மேல வச்சுப் பாத்தேன். 39! உண்மையில ஓடுறது 39-ஐ 7.5-ஆல வகுத்தா வர்ற 5.2 ஆம்பியர்தான். அப்போ பத்து மணி நேரத்துல பேட்டரிக்குள்ள போனது 80 இல்ல, 52.

அந்த 21 மில்லி வோல்ட் எங்கே இருந்து வந்துச்சு? நான்தான் காரணம். மீட்டருக்குப் போற மெல்லிய ஒயரை ஷன்ட்டோட சின்ன ஸ்க்ரூல மாட்டாம, தடிமன் கேபிளோட லக்கிலேயே சால்டர் பண்ணிட்டேன். ஒயர் கொஞ்சம் எட்டல, அதான். அந்த லக்குக்கும் ஷன்ட்டுக்கும் நடுவுல ஆசிட் காத்துல பச்சை பூத்துப் போயிருந்தது. ரெண்டு பக்கமும் சேர்த்து சுமார் 4 மில்லி ஓம். வேற எந்த சர்க்யூட்லயும் 4 மில்லி ஓமை யாரும் மதிக்க மாட்டாங்க. ஆனா ஷன்ட்டே 7.5-தான். பாதிக்கும் மேல கூடிப்போச்சு.

ஷன்ட்ல நாலு ஸ்க்ரூ இருக்கிறதோட அர்த்தம் எனக்கு அப்போதான் புரிஞ்சுது. வெளியில ரெண்டு பெரிய போல்ட் மின்சாரம் போறதுக்கு, உள்பக்கம் ரெண்டு சின்ன ஸ்க்ரூ அளக்கறதுக்கு. அளக்குற ஒயர் உள்பக்கம் இருந்தா, பெரிய போல்ட்ல எவ்வளவு துரு ஏறினாலும் முள்ளுக்கு அது தெரியாது.

இதுல இன்னொரு ஆபத்து இருந்திருக்கு. நான் மாட்டின மாதிரியே விட்டு, ஒரு நாள் அந்த போல்ட் முழுசா கழண்டிருந்தா? குறுக்கு வழி அடைபட்டிருக்கும், மின்சாரம் மொத்தமும் மீட்டர் வழியா போயிருக்கும். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் 6 வோல்ட் வித்தியாசம்னா 75 ஓம்ல 80 மில்லி ஆம்பியர். தாங்கக்கூடியது ஒண்ணு. முள் வளையும், சுருள்வில் கருகும். உள்பக்க ஸ்க்ரூல மாட்டியிருந்தா, போல்ட் கழண்டதும் சார்ஜிங்தான் நிக்கும், மீட்டர் பிழைக்கும். ஷன்ட் இல்லாம மீட்டரை ஒரு நொடி கூட மெயின் லைன்ல விடக்கூடாதுங்கிறதும் இதனாலதான்.

அப்புறம் நம்ம ஊர் வெயில்

லக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஒயரை மாத்திக் கட்டினேன். மீட்டரும் ஷன்ட்டும் ஒத்துப்போச்சு. ஆனா சித்திரை மத்தியானம் மாமா கடை தகரக் கொட்டகைக்குள்ள மீட்டர் மறுபடி நாலஞ்சு சதவீதம் கம்மியாக் காட்டுச்சு.

இது சுருள் பண்ற வேலை. சூடு ஏற ஏற செம்போட தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும். 25 டிகிரில 60 ஓம் இருந்தது 40 டிகிரில 63 ஓமைத் தாண்டிடும். ஷன்ட் மாங்கனின்ல செஞ்சது. செம்பு, மாங்கனீசு, நிக்கல் கலந்த அந்த உலோகத்தை எட்வர்ட் வெஸ்டன் 1892-ல உருவாக்கினதே, சூட்டுல தடை மாறாம இருக்கணும்னுதான். அப்போ ஷன்ட் அப்படியே நிக்குது, சுருள் பக்கம் வழி இறுகுது, முள்ளுக்கு வர்ற பங்கு குறையுது. நான் சேர்த்த 15 ஓம் ரெசிஸ்டர் சூட்டுல அவ்வளவா மாறாது, அதனால பிழை கொஞ்சமாவது அடங்கிச்சு. சுருளோட தடை 15-ஆவும் சேர்த்த ரெசிஸ்டர் 60-ஆவும் இருந்திருந்தா ஒரு சதவீதத்துல நின்னிருக்கும்.

இதே வெயில்ல வோல்ட்மீட்டர் அசையவே இல்ல. அங்கே 15,000 ஓம்ல 60-தான் செம்பு. மூணு நாலு ஓம் கூடினா யாருக்குத் தெரியப் போகுது? ஒரே கடை, ஒரே மாதிரி ரெண்டு மீட்டர். ஒண்ணு வெயிலைக் கண்டுக்கல, ஒண்ணு கண்டுக்கிச்சு.

மாமாகிட்ட சொன்னேன், மத்தியானத்துல முள்ளை எட்டுல வைக்காம ஏழரைக்குக் கொஞ்சம் மேல வைங்கன்னு. அவர் டயல் கண்ணாடில சிவப்பு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, பக்கத்துல "வெயில்"னு எழுதிக்கிட்டார். இப்போ மாசம் ஒருதடவை மல்டிமீட்டரை அந்த ரெண்டு சின்ன ஸ்க்ரூ மேல வச்சுப் பாக்குறதும் அவரே. டிராக்டர்காரரும் திரும்ப வர ஆரம்பிச்சுட்டார்.