பியானோவின் அகன்ற ஸ்தாயி

ஒரு சுரத்தின் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் அது அதிரும் தடவைகள், சரியாக இரு மடங்காகும்போது அதன் மேல் ஸ்தாயிச் சுரம் பிறக்கின்றது என்பது இசை பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். ஆனால் கைதேர்ந்த ஒருவர் செவியால் சுருதி சேர்த்த பியானோவை அளந்து பார்த்தால் இவ்விதி சற்றே பிறழக் காணலாம். நடுப்பகுதிக்கு மேலுள்ள சுரங்கள் கணக்குக்குச் சிறிது மேலாகவும், கீழுள்ளவை சிறிது கீழாகவும் நிற்கும். 1938ஆம் ஆண்டில் ரெயில்ஸ்பாக் என்னும் அமெரிக்கர் இவ்விலகலை அளந்து வரைந்த வளைகோடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இது சுருதி சேர்ப்பவரின் பிழையன்று. இதன் காரணம் கம்பியின் விறைப்பிலே இருக்கின்றது.

மீட்டப்பட்ட கம்பி முழு நீளத்தாலும் அதிர்கின்றது. அதே வேளையில் இரண்டு, மூன்று, நான்கு கூறுகளாகவும் அதிர்கின்றது. இவ்வாறு எழும் ஒலிகளைப் பகுதிச் சுரங்கள் என்பர். கம்பி நூல்போல் முற்றிலும் நெகிழ்வானதாயின், அதனை நேர்நிலைக்கு மீட்பது இழுவை ஒன்றே. அப்பொழுது பகுதிச் சுரங்கள் அடிப்படைத் தொனியின் இரு மடங்கு, மும்மடங்கு எனச் சரியாக அமையும். பியானோவின் கம்பியோ தடித்த உருக்கினாலானது; வளைப்பதை அது எதிர்க்கும். கூறுகள் பெருகப் பெருக ஒவ்வொரு கூறும் குறுகி, வளைவு கடுமையாகின்றது. விறைப்பும் இழுவையோடு சேர்ந்து கம்பியை விரைவாக மீட்பதால், உயர்ந்த பகுதிச் சுரங்கள் உரிய இடத்தினின்றும் மேலேறிவிடுகின்றன. கம்பி தடித்தும் குட்டையாகவும் இருக்கும்போது இவ்வேற்றம் மிகும்.

இனி, ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இசைக்கவையின் துணைகொண்டு நடுப்பகுதியின் 'ஏ' சுரம் 440 அதிர்வுக்குச் சேர்க்கப்பட்டது என்க. பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று கம்பிகள் உள்ளமையால், இரண்டைக் கம்பளித் துண்டால் அடக்கி ஒன்றை மட்டும் ஒலிக்கச் செய்வது வழக்கம். அக்கம்பியின் விறைப்புக் குணகம் 0.0007 எனக் கொள்வோம். அதன் இரண்டாம் பகுதிச் சுரம் 880 அன்று, ஏறத்தாழ 880.9 ஆகும். மேல் ஸ்தாயியின் 'ஏ' சுரத்தைக் கணக்கின்படி 880க்கே நிறுத்தினால், இவ்விரு ஒலிகளும் ஒன்றோடொன்று மோதும்; ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு தடவை எழுந்து தாழும். இதனை அடிப்பு என்பர். சுருதி முளையைச் சற்றே திருப்பி மேற்சுரத்தை 880.9க்கு உயர்த்தியவுடன் அடிப்பு மறைந்து, இரு சுரங்களும் ஒன்றாய்க் கலக்கும். செவிக்குத் தூயதான ஸ்தாயி, எண்ணுக்குச் சிறிது அகன்ற ஸ்தாயி ஆவது இவ்வாறே.

உயர் மாணவர் கவனிக்கவேண்டிய சிக்கல் இதற்குப் பின்னரே எழுகின்றது. கீழ்ச்சுரத்தின் நான்காம் பகுதிச் சுரமும் மேற்சுரத்தின் இரண்டாம் பகுதிச் சுரமும் அருகருகே ஒலிக்கின்றன. மேற்கம்பி குட்டையானது, அதன் குணகம் 0.002 எனக் கொண்டால், இச்சோடி இணங்குவதற்கு மேற்சுரம் ஏறக்குறைய 882 ஆதல் வேண்டும். முதற் சோடி கேட்பதோ 880.9. இரண்டையும் ஒருங்கே நிறைவு செய்ய இயலாது. ஆகவே எந்தச் சோடி அவ்விடத்தில் செவிக்குத் தெளிவாகக் கேட்கின்றதோ அதற்கே முதன்மை அளிக்கப்படும். மேற்பகுதியில் அடிப்படைத் தொனி ஓங்கி நிற்பதால் முதற் சோடியே பெரும்பாலும் வெல்லும். நடுப்பகுதியில் நான்காம், இரண்டாம் பகுதிச் சுரங்களுக்கு இடமளிப்பர். மந்தரப் பகுதியில் அடிப்படைத் தொனி மெலிந்திருப்பதால் ஆறாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுக் கேட்பர். கீழ்ச்சுரத்தின் ஆறாம் பகுதிச் சுரம் மேலேறியிருப்பதால், அதனை இணங்கச் செய்வதற்கு அச்சுரம் முழுவதையும் சிறிது தாழ்த்தவேண்டியதாகின்றது.

மந்தரக் கம்பிகளின்மேல் செம்புக் கம்பி சுற்றப்படுவதன் பயனும் இதனால் விளங்கும். தாழ்ந்த சுரத்துக்குக் கம்பி கனமாயிருத்தல் வேண்டும். ஆனால் உருக்கையே தடிப்பாக்கினால் விறைப்பு மிகுந்துவிடும். செம்புச் சுற்று கனத்தைக் கூட்டுகின்றது; உள்ளேயுள்ள உருக்கு மெலிதாகவே இருக்கின்றது. எனினும் சிறிய நிமிர் பியானோவின் குட்டைக் கம்பிகளில் விறைப்பின் விளைவு முற்றாக நீங்குவதில்லை. நீண்ட கம்பிகளையுடைய பெரிய கச்சேரிப் பியானோவுக்குக் குறைந்த அகலிப்பே போதும்.

எனவே ஒரு பியானோவுக்கு ஏற்ற அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. விறைப்பைக் கருதாது சம அளவு காட்டும் கருவியை மட்டும் நம்பிச் சேர்த்தால், ஒவ்வொரு சுரமும் எண்ணளவில் சரியாயிருந்தும் ஸ்தாயிகள் மெல்ல அலைந்துகொண்டிருக்கும். அளவு கடந்து அகட்டினாலும் அதே அலைவு மறுபுறமாகத் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடையே அடிப்பு அடங்கும் இடமே அந்தப் பியானோவுக்கு உரிய ஸ்தாயி. அதனைக் கம்பியிடமே கேட்டறிதல் வேண்டும்.