மூன்றாம் பகுதியில் என்ன எழுதுவது?

உள்ளகப் பயிற்சி அறிக்கையைப் பற்றிய கருத்தரங்கு இது.

இந்த அறிக்கையை டேவிட் கோல்பின் கற்றல் சுழற்சியை ஒட்டி எழுதும்படி மாணவர்களிடம் சொல்கிறோம். ஜான் டூயி, கர்ட் லெவின், ழான் பியாஜே ஆகியோரின் சிந்தனைகளை இணைத்து, 1984இல் வெளிவந்த நூலில் கோல்ப் அதை விரிவாக வகுத்தார். முதலில் நேரடி அனுபவம். அடுத்து அந்த அனுபவத்தைப் பல கோணங்களில் மீள்நோக்குதல். பிறகு அதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்குதல். இறுதியாக அந்தக் கருத்தைச் செயலில் சோதித்தல். அந்தச் சோதனை அடுத்த அனுபவமாகிறது.

இந்த நான்கையும் தலைப்புகளாக இட்டு மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். முதல் இரண்டு பகுதிகள் ஓரளவு நன்றாகவே அமைகின்றன. மூன்றாம் பகுதிக்கு வந்ததும், “குழுவாகச் செயல்படுவதன் அவசியத்தை உணர்ந்தேன்”, “நேர மேலாண்மையைக் கற்றேன்” என்று முடித்துவிடுகிறார்கள். நான்காம் பகுதியில் “எதிர்காலத்தில் இதைப் பின்பற்றுவேன்” என்று ஒரு வாக்குறுதி இருக்கும். மூன்றாம் பகுதியில் சோதிக்கத்தக்க கருத்து எதுவும் இல்லை. ஆகவே நான்காம் பகுதியில் சோதனையும் இல்லை. இந்த இடத்தைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இளநிலை வணிகவியல் மாணவி ஒருவர் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதப் பயிற்சியில் இருக்கிறார் என்று கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவரின் கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டி தளத்தில் கிடைக்கும் GSTR-2B அறிக்கையோடு ஒப்பிடுவது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மாதந்தோறும் தாக்கல் செய்யும் விற்பனையாளர்கள் 11ஆம் தேதிக்குள் GSTR-1 தாக்கல் செய்கிறார்கள். 14ஆம் தேதி 2B உருவாகிறது. 20ஆம் தேதிக்குள் வாடிக்கையாளர் GSTR-3B தாக்கல் செய்து, கொள்முதலில் கட்டிய வரியை வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பிட்டுச் சரிபார்க்க இடையில் கிடைப்பது சில நாட்களே.

மாணவி டேலியிலிருந்து பதிவேட்டை எடுத்து, எக்செலில் VLOOKUP போட்டு, பில் எண்ணை வைத்து ஒப்பிடுகிறார். 180 பில்களில் 30 பொருந்தவில்லை. விற்பனையாளர்கள் தாக்கல் செய்யவில்லை என்று முடிவுகட்டி, தொலைபேசியில் கேட்கப் பட்டியல் போடுகிறார். மூத்த உதவியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இவர்களில் பாதிப் பேர் தாக்கல் செய்துவிட்டார்களே, நன்றாகப் பாரம்மா” என்கிறார். இது அனுபவம்.

மீள்நோக்குதல் என்றால், “நான் அவசரப்பட்டேன்” என்று எழுதுவது அல்ல. அந்த 30 பில்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. 18 பில்களில் எண் எழுதிய விதம்தான் வேறு: தளத்தில் SM/0457/24-25 என்றிருப்பது டேலியில் 457 என்றிருக்கிறது. 9 பில்கள் 2Bயில் இல்லவே இல்லை. மற்ற 3 பில்களில் எண்ணே தவறாகப் பதிவாகியிருக்கிறது. இனி, வாடிக்கையாளரிடம் பில்களைப் பதியும் கணக்கரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பில்கள் குவிந்து கிடக்கும்போது கடைசி இலக்கங்களை மட்டும் அடிப்பது அவருக்கு விரைவான வழி. அவருடைய வேலைக்கு அது போதும். ஒரே நிகழ்வை இன்னொருவர் இருக்கையிலிருந்து பார்க்கும்போதுதான் காரணம் தெரிகிறது.

இந்தப் படிக்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் என்னும் ஊரில் லெவினின் குழு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தியது. பகலில் நடந்ததைப் பற்றி ஆய்வாளர்கள் மாலையில் கூடி விவாதித்தார்கள். பங்கேற்பாளர்கள் சிலர் தாங்களும் அமர்ந்து கேட்கலாமா என்றார்கள், லெவின் இசைந்தார். தங்கள் நடத்தைக்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கத்தை அவர்கள் மறுத்தார்கள், விவாதம் சூடுபிடித்தது, அங்கே கற்றல் நிகழ்ந்தது. கோல்ப் தம் நூலில் இதை எடுத்துச் சொல்கிறார்.

மாணவியிடம் திரும்புவோம். மூன்றாம் பகுதியில் அவர் எழுத வேண்டியது இது: “பொருந்தாமை இருவகை. ஒரே பில் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பது ஒன்று. பில்லே தளத்துக்கு வராதது இன்னொன்று. ஜிஎஸ்டி எண்ணையும் வரித் தொகையையும் சேர்த்து ஒப்பிட்டால் முதல் வகையில் பெரும்பகுதி தானாக விலகும். மிஞ்சுவோரை மட்டும் அழைத்தால் போதும்.” வகுப்பில் படித்த சட்டமும் இங்கே வந்து சேர்கிறது. விற்பனையாளர் பில் விவரத்தைத் தாக்கல் செய்திருந்தால்தான் வரி வரவு கிடைக்கும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(aa) பிரிவு 2022 ஜனவரி முதல் சொல்கிறது. பில்லை வேறுவிதமாக எழுதியிருப்பது வரவைத் தடுப்பதில்லை, பில் வராததுதான் தடுக்கிறது என்பதை அவர் இப்போது தம் கணக்கிலேயே காண்கிறார்.

இந்தக் கருத்து பொய்த்துப்போகவும் கூடும். அதுதான் அதன் தகுதி. “நேர மேலாண்மை முக்கியம்” என்பது எந்த அலுவலகத்திலும் பொய்க்காது; ஆகவே அது எதையும் சொல்வதில்லை.

நான்காம் படியாக, அதே வாரம் வேறொரு வாடிக்கையாளர் கணக்கில் தம் கருத்தை அவர் சோதிக்கிறார். பில் எண்ணால் பொருந்தாத 28இல், புதிய முறையில் 17 பொருந்திவிட்டன. ஆனால் சரிபார்க்கையில் ஒன்று இடறுகிறது. ஒரே விற்பனையாளர் ஒரே தொகைக்கு இரண்டு பில்கள் போட்டிருக்கிறார். தாக்கல் ஆனது ஒன்றுதான். VLOOKUP இரண்டு வரிகளுக்கும் அந்த ஒரே பதிவைக் காட்டி, இரண்டும் பொருந்தியதாகச் சொல்லிவிடுகிறது. அப்படியே விட்டிருந்தால் வராத பில்லுக்கும் வரவு எடுக்கப்பட்டிருக்கும். தொகை திரும்ப வரும் இடங்களில் தேதியையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும் என்று அவர் தம் கருத்தைத் திருத்துகிறார். சுழற்சி ஒருமுறை சுற்றி அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டது.

இதெல்லாம் பயிற்சி நடக்கும்போதே நடந்தாக வேண்டும். கல்லூரிக்குத் திரும்பிய பிறகு எழுத உட்காரும் மாணவருக்குச் சோதிக்கக் கணக்கும் இல்லை, கேட்க மூத்தவரும் இல்லை. நான்காம் பகுதி வாக்குறுதியாகச் சுருங்குவதற்கு முதற்காரணம் மாணவரின் சோம்பல் அன்று, நாம் வைத்திருக்கும் கால அட்டவணை.

சுழற்சிக்கு எல்லையும் உண்டு. மாணவரை நகல் எடுக்க மட்டும் வைத்திருக்கும் அலுவலகத்தில் இரண்டாம் முறை செய்து பார்க்கும் உரிமையே அவருக்குக் கிடைப்பதில்லை. மேலதிகாரியிடம் ஏன் என்று கேட்க முடியாத இடத்தில் மீள்நோக்கு ஒற்றைக் கோணத்தில் நின்றுவிடும். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைப் பற்றி கோல்பின் நான்கு படிகள் அதிகம் பேசுவதில்லை. நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது நாம்தான் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஆகவே இந்த அவையின் முன் இரண்டு முன்மொழிவுகளை வைக்கிறேன். பயிற்சியின் நடுவில் மாணவர் ஒருநாள் கல்லூரிக்கு வந்து முதல் மூன்று பகுதிகளை ஆசிரியரிடம் காட்டட்டும். மிஞ்சிய நாட்கள் நான்காம் பகுதிக்கு ஆகட்டும். மதிப்பெண் இடும்போது, மூன்றாம் பகுதியிலுள்ள கருத்து எந்த நிலையில் பொய்க்கும் என்று மாணவரிடம் கேட்போம். பதில் சொல்ல முடிந்தால் மதிப்பெண் தருவோம். இவற்றை ஏற்பதா, எப்படித் திருத்துவது என்று இன்றைய அமர்வுகள் முடிவு செய்யட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.