பெயர்ச் சண்டைக்கு மதிப்பெண்

முறுக்குக் கடை தொடங்கும் மூன்று கூட்டாளிகள், ஆளுக்கொரு பெயரோடு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கை தூக்கச் சொன்னால் அவரவர் பெயருக்கே ஓட்டு விழும். அதனால் பெயர்களை வெளியே சொல்வதற்கு முன்பே அளவுகோலைப் பேசி எழுதிவிட வேண்டும்.

போனில் சொன்னால் பிழையில்லாமல் புரிவதற்கு எடை 5, பலகையில் தூரத்திலிருந்து தெரிவதற்கு 3, மனசுக்குப் பிடிப்பதற்கு 2. பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே ஐந்துக்கு மதிப்பெண் போட்டு, சராசரியை எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

'சுவை முறுக்கு' முதலிலேயே விழுந்துவிடும். பொருளை வர்ணிக்கும் பெயருக்கு 1999 வணிகக் குறிச் சட்டப்படி லேசில் பதிவு கிடைக்காது. 'தாழை' 3, 5, 2 வாங்கினால் மொத்தம் 34. போனில் 'தாளை' என்று கேட்கிறதே! ஒரு கூட்டாளியின் பாட்டி பெயரான 'அங்கம்மாள்' 4, 3, 5 வாங்கி 39 எடுக்கிறது.

தன் பெயருக்கு ஐந்தும் மற்றதற்கெல்லாம் ஒன்றும் போடும் ஆள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மதிப்பெண் சீட்டைப் பார்த்தாலே தெரியும். அதனால், அவரவர் முன்மொழிந்த பெயருக்கு அவரே மதிப்பெண் போடக் கூடாதென்று முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒன்றிரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம் என்றால் அது வெற்றியல்ல. அந்த இரண்டு பெயர்களையும் தெரியாத ஒருவரிடம் போனில் சொல்லி, எழுதச் சொல்லிப் பாருங்கள்.