திரும்பி வந்த சரக்கும் ஏஜென்டின் கமிஷனும்

புனேயில் சோலாப்பூர் சாலையை ஒட்டிய ஹடப்சரில் ஒரு விற்பனை ஏஜென்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காகக் கடைகளில் ஆர்டர் பிடித்துத் தருகிறார். சரக்கு திருப்பூரிலிருந்து லாரியில் நேரே கடைக்குப் போகிறது, பணம் நேரே கம்பெனிக்கு வருகிறது. ஏஜென்டுக்கு 3 சதவீதம் கமிஷன். ஆர்டர் பிடித்ததுமே கமிஷன் கிடைத்துவிடாது, கடைக்காரர் பில்லுக்குப் பணம் கட்டிய பிறகுதான் கிடைக்கும். இந்தத் தொழிலில் இது பரவலான ஏற்பாடு.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதே போக்கில்தான் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகே ஏஜென்டுக்கு ஊதியம் உண்டு என்கிறது அதன் 219ஆம் பிரிவு. எது வேலை முடிந்ததற்கு அடையாளம் என்பதை இருவரும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. செக் கைக்கு வந்த நாளைவிட, அது பாஸாகிப் பணம் வங்கியில் ஏறிய நாளைக் கணக்கில் கொள்வதே பாதுகாப்பு. மாதக் கடைசியில் வந்த செக் திரும்பிப்போனால், கொடுத்த கமிஷனைத் திரும்பக் கேட்கும் சங்கடம் வராது.

இனி கணக்குக்கு வருவோம். ஜூலையில் ஒரு கடைக்கு 1,00,000 ரூபாய்ச் சரக்கு போகிறது. 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 1,05,000. கடைக்காரர் முழுத் தொகையையும் கட்டிவிட்டார். வரி அரசாங்கத்துக்குப் போகிற பணம், அதற்குக் கமிஷன் கிடையாது. எனவே 1,00,000 ரூபாய்க்கு 3 சதவீதம், 3,000 ரூபாய், ஜூலைக் கணக்கில் ஏஜென்டுக்குக் கொடுத்தாயிற்று.

ஆகஸ்டில் அதே கடைக்காரர், அளவு சரியில்லை என்று 20,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். கம்பெனி வரியோடு 21,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் போடுகிறது. அதே மாதம் புதிதாக 80,000 ரூபாய்ச் சரக்கும் போகிறது, வரியோடு 84,000. கடைக்காரர் கிரெடிட் நோட்டைக் கழித்துக்கொண்டு 63,000 ரூபாய் மட்டும் அனுப்புகிறார்.

தகராறு பிறப்பது இங்கேதான். கம்பெனிக் கணக்கர் வங்கிக்கு வந்த 63,000 ரூபாயைப் பார்க்கிறார். வரி நீக்கினால் 60,000. அதற்கு 3 சதவீதம், 1,800 ரூபாய். பிறகு ரிட்டர்ன் சரக்குக்கு 600 ரூபாயைக் கழித்து, 1,200 என்று ஸ்டேட்மென்ட் எழுதுகிறார். இது தவறு. ரிட்டர்ன் இரண்டு முறை கழிந்துவிட்டது. கடைக்காரர் குறைத்துக் கட்டியபோதே அது ஒருமுறை கழிந்துபோயிற்று.

சரியான வழி இது. கிரெடிட் நோட்டால் அடைந்ததையும் பணம் வந்ததாகவே கொண்டால், ஆகஸ்ட் பில் முழுதும் தீர்ந்தது. 80,000 ரூபாய்க்குக் கமிஷன் 2,400. அதிலிருந்து ஜூலையில் கொடுத்துவிட்ட 600 ரூபாயைத் திரும்ப எடுத்தால் 1,800. வங்கிக்கு வந்த பணத்தை மட்டும் பார்த்தாலும் 1,800தான் வரும். ஆனால் அந்த வழியில் போனால் ரிட்டர்னைத் தனியாகக் கழிக்கக் கூடாது.

இரண்டில் முதல் வழியே மேல். ஆகஸ்ட் முதல் கமிஷன் 4 சதவீதமாக உயர்ந்திருந்தால், புது பில்லுக்கு 3,200 ரூபாய் வரும். திரும்பி வந்த சரக்குக்குக் கொடுத்தது 3 சதவீதம், ஆகவே கழிப்பதும் 600தான். மீதி 2,600. வங்கிப் பணத்தை மட்டும் பார்த்தால் 2,400தான் கிடைக்கும், ஏஜென்டுக்கு 200 ரூபாய் நஷ்டம். எந்த விகிதத்தில் கொடுத்தோமோ அதே விகிதத்தில்தான் திரும்ப எடுக்க வேண்டும். பணமே வராத பில்லிலிருந்து சரக்கு திரும்பினால் எதையும் கழிக்க வேண்டியதில்லை, அதற்குக் கமிஷனே கொடுக்கவில்லையே.

கடைசியாக வருமான வரிப் பிடித்தம். 2024 அக்டோபர் 1 முதல் கமிஷன் மீதான பிடித்தம் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. அந்தத் தொகை ஏஜென்டின் பேரில் வரிக் கணக்கில் ஏறும், ரிட்டர்ன் கழிவோடு அதைக் கலந்து எழுதக் கூடாது.

கமிஷன் வாங்குகிற நேயர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். விகிதம் மாறாத ஒரு கடையை எடுத்துக்கொண்டு, அது கட்டிய மொத்தப் பணத்திலிருந்து வரியை நீக்கி, கமிஷன் விகிதத்தால் பெருக்குங்கள். நம் உதாரணத்தில் 1,05,000மும் 63,000மும் சேர்ந்து 1,68,000. வரி நீக்கினால் 1,60,000. அதற்கு 4,800. ஜூலையில் 3,000, ஆகஸ்டில் 1,800, கணக்கு நேர். உங்கள் ஸ்டேட்மென்ட் இதைவிடக் குறைவாகக் காட்டினால், பில் எண்ணும் கிரெடிட் நோட் எண்ணும் போட்ட விவரத்தைக் கம்பெனியிடம் கேளுங்கள்.