இல்லைன்னு சொன்னதை எழுதி வைத்தேன்

குழுக் கடனில் சின்ன மளிகைக் கடை வச்சிருக்கேன். "இல்லைக்கா" என்று சொல்லி அனுப்புகிற பொருளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். கேட்டவங்க பேர், கிழமை, எத்தனை கிலோ என்பதையும் சேர்த்து எழுதினேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஓட்ஸ் 6 தடவை. ஆனால் கேட்டது ஒரே வீடு, அதை வாங்கவில்லை. சீரகச் சம்பா அரிசி 14 தடவை, 9 வீடு. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, அரைக் கிலோ, ஒரு கிலோ. நம்ம திண்டுக்கல் பிரியாணிக்கு அந்த அரிசிதானே!

ஆசைப்பட்டு மூட்டையாக எடுத்திருந்தால் வண்டு விழுந்து, கடன் பணமும் முடங்கியிருக்கும். அதனால் சனிக்கிழமை 10 கிலோ மட்டும் எடுத்தேன். மூணாவது ஞாயிறு தீர்ந்தது. அதற்கப்புறம்தான் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ சேர்த்து 10 ரூபாய் பாக்கெட் போட்டேன். நோட்டு இன்னும் கல்லாப் பக்கத்தில்தான் இருக்கு.