"போன வருஷமும் வந்தேல்ல?" – நிராகரிச்ச கம்பெனிக்கே திரும்ப அப்ளை பண்றது

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைப் பத்தி. ஒரு கம்பெனி உங்களை ஏற்கெனவே வேண்டாம்னு சொல்லிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு அதே கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. திரும்ப அப்ளை பண்ணலாமா, பண்ணினா பழைய கதையைச் சொல்லணுமா, மறைக்கணுமா?

இதைப் பொதுவா பேசினா காத்துல கரைஞ்சிடும். அதனால ஒரு ஊரை எடுத்துக்கலாம். பெரம்பலூர், அரியலூர். அரியலூர் மண்ணுக்கு அடியில சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்துச்சு, அந்தக் கடல் விட்டுட்டுப் போனதுதான் இந்தக் கல். அதை நம்பித்தான் ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய்னு சுத்துவட்டாரத்துல சிமெண்ட் ஆலைகள் வந்துச்சு. பெரம்பலூர்ல கெமிஸ்ட்ரி படிக்கிற ஒரு பிள்ளைக்கு, வீட்டுல இருந்து போய் வர்ற தூரத்துல வேலைன்னா, முதல்ல ஞாபகம் வர்றது அந்த ஆலைகளோட லேப்.

இப்படி ஒரு ஊர்ல திரும்ப அப்ளை பண்றது சென்னையில பண்ற மாதிரி இல்ல. ஒரு ஐடி கம்பெனி வேண்டாம்னா அடுத்த பில்டிங்ல இன்னொரு கம்பெனி இருக்கு. இங்க இருக்கறது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகள். லேப் இன்சார்ஜா இருக்கறவர் அடுத்த ஆலைக்கு மாறிப் போறதும் சகஜம். அதனால "அவங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது"ன்னு நினைக்காதீங்க. ஞாபகம் இருக்கும்.

எந்தப் படியில நின்னீங்க?

ஒரு கற்பனை ஆளை வச்சுக்கலாம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்ச பெரம்பலூர்ப் பொண்ணு. போன வருஷம் ஜூன்ல ஒரு சிமெண்ட் ஆலையில லேப் டிரெய்னி வேலைக்குப் போனாங்க. எழுத்துத் தேர்வு பாஸ். டெக்னிக்கல் இண்டர்வியூ வரைக்கும் போய் நின்னுடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மெயில்: இந்த முறை தேர்வாகலை, வாழ்த்துக்கள். அவ்வளவுதான். காரணம் இல்ல.

காரணம் பெரும்பாலும் எழுத மாட்டாங்க. ஆனா நீங்க எந்தப் படியில நின்னீங்கன்னு உங்களுக்குத் தெரியும். பாதிக் காரணம் அதுலயே இருக்கு. அப்ளிகேஷன் போட்டதுமே நின்னுச்சுன்னா, பெரும்பாலும் மார்க் கட்-ஆஃப், படிப்பு, வயசு மாதிரி ஏதோ ஒண்ணு. பத்தாவதுல இருந்து எல்லாத்துலயும் 60 சதவீதம் கேக்கறாங்க, உங்களுக்கு பன்னிரண்டாவதுல 57ன்னா, அடுத்த வருஷமும் அது 57தான். அந்த விதி மாறுற வரைக்கும் அதே போஸ்ட்டுக்குத் திரும்பப் போடுறதுல அர்த்தம் இல்ல. எல்லா ரவுண்டும் முடிஞ்சு கடைசியில நின்னுச்சுன்னா, ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் இருந்திருக்கலாம். அங்க நீங்க பெருசா எதையும் மாத்தவே தேவையில்லாம இருக்கலாம். டெக்னிக்கல் ரவுண்டுல நின்னுச்சுன்னாதான் உக்காந்து யோசிக்கணும்.

நம்ம பொண்ணு யோசிச்சாங்க. அவங்களைக் கேட்ட கேள்வி: "கிளிங்கர்ல ஃப்ரீ லைம் ரெண்டரை சதவீதம் வந்திருக்கு. என்ன பண்ணுவே?" கிளிங்கர்னா சூளையில இருந்து வெந்து வர்ற உருண்டை. அதை அரைச்சு ஜிப்சம் சேர்த்தா சிமெண்ட். சூளையில சுண்ணாம்பு முழுசா சேராம மிச்சம் நிக்கறதுதான் ஃப்ரீ லைம். அது அதிகமானா, சிமெண்ட் இறுகின பிறகு மெதுவா ஊதி வெடிப்பு விடலாம். நம்ம பொண்ணு இந்த விளக்கத்தை அழகா சொன்னாங்க. எத்திலீன் கிளைக்கால்ல சூடு பண்ணி, வடிகட்டி, ஆசிட்ல டைட்ரேட் பண்ணிக் கண்டுபிடிக்கறதையும் சொன்னாங்க. ஆனா கேட்டது அது இல்லையே. "என்ன பண்ணுவே?"ன்னுதான் கேட்டாரு.

அவர் எதிர்பார்த்தது இந்த மாதிரி: முதல்ல இன்னொரு சாம்பிள் எடுத்து டெஸ்ட்டைத் திரும்பப் போடுவேன். ஆசிட்டோட நார்மாலிட்டி சரியான்னு பார்ப்பேன். கிளிங்கரோட லிட்டர் வெயிட் குறைஞ்சிருக்கான்னு பார்ப்பேன், குறைஞ்சிருந்தா சரியா வேகலைன்னு அர்த்தம். சூளைக்குப் போற மாவுல சுண்ணாம்பு கூடிடுச்சா, 90 மைக்ரான் சல்லடையில நிக்கற கப்பி கூடிடுச்சான்னு பார்ப்பேன். அதே நேரத்துல கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிடுவேன்.

வித்தியாசம் புரியுதா? அவங்களுக்கு இல்லாம போனது ஃப்ரீ லைம் பத்தின அறிவு இல்ல. ஒரு ரீடிங் தப்பா வந்தா அடுத்து என்ன செய்யணும்ங்கற பழக்கம். இதை "எனக்கு சப்ஜெக்ட் பத்தலை"ன்னு தப்பா படிச்சிருந்தா, ஆன்லைன்ல நாலு சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிச்சிட்டு, அடுத்த வருஷம் அதே கேள்வியில அதே இடத்துல நின்னிருப்பாங்க.

என்ன மாறியிருக்கு?

அவங்க திருச்சி பக்கம் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட் லேப்ல சேர்ந்தாங்க. சிமெண்ட் ஆலை இல்ல. ஆனா தினமும் ரீடிங், தினமும் ரிஜிஸ்டர். 150 மில்லிமீட்டர் க்யூப் போட்டு, ஏழாவது நாளும் 28-வது நாளும் மெஷின்ல வச்சு உடைக்கணும். எம்-25 கான்கிரீட்டுக்கு ஏழாவது நாள் வழக்கமா சதுர மில்லிமீட்டருக்கு 21 நியூட்டன் பக்கம் வந்துட்டிருந்துச்சு. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் 16க்கு இறங்கிடுச்சு.

மெஷின் சரியான்னு பார்த்தாங்க, சரி. சிமெண்ட் அதே சிமெண்ட். மணலைப் பார்த்தாங்க. 500 கிராம் ஈர மணலை வாணலியில வறுத்தா 475தான் நின்னுச்சு. அதாவது அஞ்சு சதவீதத்துக்கு மேல ஈரம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 800 கிலோ மணல் போடுறாங்கன்னா, யாரும் ஊத்தாமலே 30 லிட்டருக்கு மேல தண்ணி உள்ள போயிருக்கு. பேட்சிங் ஆபரேட்டர்கிட்ட சொல்லி அந்தத் தண்ணியைக் கழிச்சாங்க. அதுக்கப்புறம் போட்ட க்யூப் பழைய நிலைக்கு வந்துச்சு.

திரும்ப அப்ளை பண்றவங்க கையில இருக்க வேண்டியது இப்படி ஒரு சம்பவம். போன தடவை எங்க நின்னீங்களோ, நேரா அந்த இடத்துக்குப் பதில் சொல்ற ஒண்ணு. பத்து வேண்டாம், ஒண்ணு போதும்.

எப்படிச் சொல்றது?

முதல்ல அப்ளிகேஷன் ஃபார்ம். "இதுக்கு முன் இங்க விண்ணப்பிச்சிருக்கீங்களா?"ன்னு ஒரு கேள்வி இருந்தா, ஆமான்னு போடுங்க. பழைய மெயில் ஐடி, பழைய போன் நம்பரையே குடுங்க. பல கம்பெனிகளோட ஆள்சேர்ப்பு சாஃப்ட்வேர் அதை வச்சுத்தான் உங்க பழைய ரெக்கார்டைச் சேர்க்குது. புது மெயில் ஐடியில புது ஆள் மாதிரி போனா, பேரும் பிறந்த தேதியும் காட்டிக்குடுத்துடும். நிராகரிச்சது ஒரு சாதாரண விஷயம். அதை மறைச்சதுதான் பிரச்சினையா மாறும்.

அடுத்து இடைவெளி. சில பெரிய கம்பெனிகள் மூணு மாசம், ஆறு மாசம் கழிச்சுத்தான் திரும்ப வரலாம்னு அறிவிப்புலயே போடுவாங்க. அதைப் படிங்க. அறிவிப்புல ஒண்ணும் இல்லைன்னாலும், சொல்றதுக்கு ஒண்ணு கையில வர்ற வரைக்கும் காத்திருங்க.

இன்னொரு பொறி இருக்கு. நிறைய பேர் கவனிக்கறதில்ல. டிகிரி முடிச்சவங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சின்னா, ஏற்கெனவே ஒரு வருஷம் வேலை அனுபவம் இருக்கறவங்களை எடுக்க மாட்டாங்க. டிரெய்னி போஸ்ட்டுக்கும் சில இடத்துல ஃப்ரெஷர் மட்டும்தான். ஆக, எந்த அனுபவத்தைக் காட்டி உள்ள போகலாம்னு நினைக்கறீங்களோ, அதே அனுபவம் உங்களை வெளிய நிறுத்தலாம். அப்போ போன வருஷம் போட்ட போஸ்ட்டுக்குப் போடாதீங்க. ஜூனியர் கெமிஸ்ட் மாதிரி அடுத்த படியைத் தேடுங்க. அனுபவத்தை ரெஸ்யூமேல மறைச்சு ஃப்ரெஷரா போகாதீங்க. பி.எஃப். கணக்கே காட்டிக்குடுக்கும்.

கவர் லெட்டர். நீங்க இங்கிலீஷ்லதான் அனுப்புவீங்க, விஷயத்தைத் தமிழ்ல சொல்றேன்: "2024 ஜூன்ல உங்க லேப் டிரெய்னி தேர்வுல டெக்னிக்கல் இண்டர்வியூ வரை வந்தேன், தேர்வாகலை. அதுக்கப்புறம் 14 மாசமா ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட் லேப்ல இருக்கேன். மழைக்காலத்துல க்யூப் பலம் குறைஞ்சப்ப மணலோட ஈரத்தை அளந்து காரணத்தைக் கண்டுபிடிச்சேன். இப்போ ஜூனியர் கெமிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கறேன்." நாலு வரி. பழசுக்கு ஒரே வரி, அதுவும் தகவல் மட்டும். மன்னிப்பும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம், "போன தடவை சரியா கேக்கலை"ங்கற குறையும் வேண்டாம்.

உள்ள தெரிஞ்சவர் யாராவது ரெஃபர் பண்றாருன்னா, பழைய கதையை அவர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. ஹெச்.ஆர். வாயால அவர் அதைக் கேட்டாருன்னா, அடுத்த தடவை உங்களுக்காகப் பேச மாட்டாரு.

கடைசியா இண்டர்வியூ. அதே ஆள் உக்காந்திருக்காரு. "ஏம்மா, நீ போன வருஷமும் வந்தேல்ல?" பதில் இப்படி இருக்கலாம்: "ஆமா சார். அப்போ ஃப்ரீ லைம் கூடினா என்ன செய்வேன்னு கேட்டீங்க. எனக்கு டெஸ்ட் தெரிஞ்சுது, அடுத்து என்ன பண்ணணும்னு தெரியலை. இந்த ஒரு வருஷத்துல அந்த மாதிரி ஒண்ணை நானே பார்த்தேன், சொல்லட்டுமா?" அதோட நிறுத்திடுங்க. அவர் சொல்லுன்னா மணல் கதையைச் சொல்லுங்க. அதுல ஆபரேட்டர் செஞ்சதை நீங்க செஞ்சதா சொல்லாதீங்க. லேப்ல இருக்கறவர் ரெண்டு கேள்வி கேட்டாலே தெரிஞ்சிடும்.

ஃப்ரீ லைம் கேள்வியைத் திரும்பக் கேப்பாருன்னு வச்சுக்கோங்க. அதுக்கான பதிலையும் தயாரா வச்சிருங்க. கான்கிரீட் லேப்ல சூளை கிடையாது, அதனால அந்தப் பகுதியைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். "இது படிச்சது சார், செஞ்சதில்ல"ன்னே சொல்லலாம்.

இவ்வளவும் பண்ணி, ரெண்டாவது தடவையும் அதே படியில நின்னுட்டா? அப்போ ஒண்ணு, நீங்க கண்டுபிடிச்ச காரணம் தப்பு. இல்லைன்னா அங்க வேற கணக்கு ஓடுது. மூணாவது தடவை போடறதுக்கு முன்னாடி, அந்த லேப்ல வேலை பார்க்கற ஒருத்தரைப் பிடிச்சு, "இந்த வேலைக்கு நீங்க ஒருத்தரை எடுக்கணும்னா எதைப் பார்ப்பீங்க?"ன்னு கேளுங்க. "என்னை ஏன் எடுக்கலை"ன்னு கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. இந்தக் கேள்விக்குத் திறப்பாங்க.